வாடகை உச்சவரம்பு: பற்றாக்குறையையும் இழந்த உபரியையும் படத்தில் படிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பொருளியல் முதலாண்டு மாணவர்கள் வாடகை உச்சவரம்பின் தேவை, அளிப்புப் படத்தை வரைந்துவிடுகிறார்கள், படிக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். எந்தக் கோட்டில் எந்தப் புள்ளியைப் பார்ப்பது, எந்தப் பரப்பு யாருடையது என்பதில்தான் குழப்பம். ஆகவே எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே கற்பனை நகரத்தை எடுத்துக்கொள்வோம். மாத வாடகை P, ஆயிரம் ரூபாயில், செங்குத்து அச்சில். வீடுகளின் எண்ணிக்கை Q, ஆயிரத்தில், கிடை அச்சில்.

```
தேவை:   Qd = 120 − 4P
அளிப்பு:  Qs = 6P − 30
```

இரண்டும் சமமாகும் இடம், அதாவது சமநிலை, P = 15, Q = 60. கட்டுப்பாடு இல்லாவிட்டால் 60,000 வீடுகள் மாதம் 15,000 ரூபாய் வாடகைக்குப் போகும்.

உச்சவரம்பு என்றால் "உச்சம்" தானே? அப்படியானால் படத்தில் சமநிலைக்கு மேலே வரைய வேண்டாமா?

கீழே வரைய வேண்டும். கட்டணம் இதற்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் சொல்லும் எல்லைதான் உச்சவரம்பு. 18,000 ரூபாய்க்கு மேல் வாடகை கூடாது என்று நம் நகரத்தில் சட்டம் போட்டால் யாருக்கும் எந்த மாற்றமும் தெரியாது. சந்தை தானாகவே 15,000 ரூபாயில் நிற்கிறது. 18,000 ரூபாயை யாரும் கேட்கவில்லை. அந்தச் சட்டம் ஏட்டில் மட்டுமே இருக்கும். 10,000 ரூபாய் என்று எல்லை வைத்தால்தான் அது சந்தையைத் தொடும். சமநிலைக்குக் கீழே, 10 என்ற உயரத்தில் ஒரு கிடைக்கோடு வரையுங்கள். இனி எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்துதான் படிக்கப் போகிறோம்.

இன்று தொடாத வரம்பு நாளைக்குத் தொடலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். சட்டத்தில் உள்ள தொகை அப்படியே நிற்க, நகரம் வளர்ந்து தேவைக் கோடு வலப்புறம் நகர்ந்தால் சமநிலை வாடகை ஏறும். ஒரு கட்டத்தில் அந்தப் பழைய வரம்பைத் தாண்டிவிடும்.

பற்றாக்குறையை எப்படி அளப்பது? சமநிலையில் 60, இப்போது 30. ஆகவே பற்றாக்குறை 30 ஆயிரம் என்று எழுதினேன், மதிப்பெண் போடவில்லை.

30 ஆயிரம் என்பது குறைந்துபோன வீடுகளின் எண்ணிக்கை. பற்றாக்குறை வேறு. 10 என்ற கிடைக்கோட்டின் வழியே இடமிருந்து வலமாகப் போங்கள். முதலில் அளிப்புக் கோடு எதிர்ப்படும்: Qs = 6 × 10 − 30 = 30. அதே கோட்டில் மேலும் வலப்புறம் போனால் தேவைக் கோடு: Qd = 120 − 40 = 80. இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள கிடைத்தூரமே பற்றாக்குறை, அதாவது 50 ஆயிரம் வீடுகள்.

இந்த 50 இரண்டு துண்டுகளால் ஆனது. வாடகை குறைந்ததால் உரிமையாளர்கள் விலக்கிக்கொண்டவை 30 ஆயிரம்: விற்றுவிட்டவை, உறவினருக்குக் கொடுத்துவிட்டவை, கடையாகவோ கிடங்காகவோ மாற்றியவை, கட்டாமலே விட்டவை. மீதி 20 ஆயிரம், வாடகை மலிந்ததால் புதிதாக வீடு தேடி வந்தவர்கள்: இதுவரை கூட்டுக் குடும்பத்தில் இருந்து இப்போது தனிக் குடித்தனம் போக நினைப்பவர்கள், அறை நண்பர்களோடு இருந்து தனி வீடு தேடுபவர்கள். தேர்வில் இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகச் சுட்டிக்காட்டினால் நீங்கள் படத்தைப் புரிந்துகொண்டு எழுதுகிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

இழந்த உபரி எது? முக்கோணம் என்கிறார்கள், எந்த முக்கோணம்?

முதலில், உண்மையில் வாடகைக்குப் போகும் வீடுகள் எத்தனை என்று கேளுங்கள். 80 ஆயிரம் பேர் கேட்டாலும் இருப்பது 30 ஆயிரம்தான். ஆகவே Q = 30 என்ற இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு வரையுங்கள். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்தக் கோட்டைத்தான். அதற்கு இடப்புறம் இருப்பது இன்னும் நடக்கும் பரிமாற்றங்கள். வலப்புறம், 60 வரை இருப்பவை நடந்திருக்கக்கூடியவை, இப்போது நடக்காதவை.

அந்தச் செங்குத்துக் கோடு அளிப்புக் கோட்டை 10 என்ற உயரத்தில் வெட்டுகிறது. அங்கே நிறுத்தாமல் மேலே கொண்டுபோனால் தேவைக் கோட்டை 22.5 என்ற உயரத்தில் வெட்டும் (120 − 4P = 30 என்றால் P = 22.5). இந்த இரண்டு புள்ளிகளும் பழைய சமநிலைப் புள்ளியும் சேர்ந்ததே அந்த முக்கோணம். சமநிலைப் புள்ளி அதன் வலப்பக்க முனை.

```
பரப்பு = ½ × (22.5 − 10) × (60 − 30) = 187.5
```

ஆயிரம் ரூபாயை ஆயிரம் வீட்டால் பெருக்கியிருப்பதால் ஓர் அலகு பத்து லட்சம் ரூபாய். ஆக, மாதம் 18 கோடியே 75 லட்சம் ரூபாய். இது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன பணம் அன்று. 14,000 ரூபாய் கிடைத்தால் வீட்டை வாடகைக்கு விட ஓர் உரிமையாளர் தயார், 16,000 ரூபாய் கொடுக்க ஒரு குடும்பமும் தயார். ஆனால் இருவரும் சந்திக்கச் சட்டம் இடம் தரவில்லை. அவர்களுக்குள் பிறந்திருக்க வேண்டிய 2,000 ரூபாய் நன்மை யாருக்கும் இல்லாமல் போகிறது. இப்படி நடக்காமல்போன 30 ஆயிரம் சந்திப்புகளின் கூட்டுத்தொகைதான் அந்தப் பரப்பு.

பற்றாக்குறையான 50-ஐ முக்கோணத்தின் ஒரு பக்கமாக எடுத்துக் கணக்குப் போடுவது அடிக்கடி நேரும் பிழை. 60-க்கு மேல் 80 வரை உள்ள தேவைக்கும் இந்த முக்கோணத்துக்கும் தொடர்பில்லை. அந்த வீடுகளைக் கட்டிக் கொடுக்க ஆகும் செலவு, அவற்றின்மேல் வாடகைதாரர் வைக்கும் மதிப்பைவிட அதிகம். அவை கட்டப்படாததால் சமூகத்துக்கு இழப்பில்லை.

அந்த 22.5 என்ற உயரம் எதைக் குறிக்கிறது? சட்டப்படி யாரும் அதைக் கொடுப்பதில்லையே.

இருக்கும் 30 ஆயிரம் வீடுகளில் கடைசி வீட்டுக்காகப் போட்டியிடுபவர் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை அது. சட்ட வாடகை 10, அவர் மனத்தில் உள்ள மதிப்பு 22.5. இடையிலுள்ள 12,500 ரூபாய் சும்மா இருக்காது, ஏதாவது ஒரு வழியில் வெளிவரும். மிகையான அட்வான்ஸ், ரசீது இல்லாத தொகை, "அறைகலன்களுக்கு" என்று தனியாக ஒரு கட்டணம், தரகர் கமிஷன். மும்பையில் இதற்குப் பெயரே உண்டு: பக்டி. குடியேறும்போது மொத்தமாக ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டு, அதன்பின் பெயரளவு வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருப்பது. ஒரு நகரத்தில் வாடகைக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று அறிய, சட்ட வாடகையைக் கேட்பதோடு கதவைத் திறக்க எவ்வளவு கேட்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். படத்தின் செங்குத்து இடைவெளி அதில் தெரிந்துவிடும்.

இடைவெளி பணமாக வெளிவராத இடங்களில் அது காத்திருப்பாகவும் பாகுபாடாகவும் வெளிவரும். ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் நிற்கும்போது உரிமையாளர் சாதி பார்க்கலாம், மதம் பார்க்கலாம், தனியாக வாழும் பெண் வேண்டாம் எனலாம். அவருக்கு அதனால் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை. உச்சவரம்பைப் பற்றிய பேச்சில் இந்தப் பக்கம் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

வாடகைதாரருக்கு லாபமா, நஷ்டமா?

நம் எடுத்துக்காட்டில், மொத்தமாகப் பார்த்தால் சிறிது லாபம். கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். வீடு கிடைத்த 30 ஆயிரம் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் மிச்சம்: 5 × 30 = 150. இது உரிமையாளரிடமிருந்து வாடகைதாரருக்கு மாறும் செவ்வகம். முன்பு வீடு கிடைத்து இப்போது கிடைக்காத 30 ஆயிரம் குடும்பங்கள் இழந்தது, 15-க்கு மேலே உள்ள சிறு முக்கோணம்: ½ × 7.5 × 30 = 112.5. நிகர லாபம் 37.5. உரிமையாளர்கள் இழந்தது அந்தச் செவ்வகம் 150, அதோடு 15-க்குக் கீழே உள்ள முக்கோணம் 75, ஆக 225.

"வாடகைதாரர்" என்று ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம், ஆனால் அதற்குள் இரண்டு கூட்டம் இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு 5,000 ரூபாய் லாபம். வெளியே நிற்பவருக்கு வீடே இல்லை. வெளியே நிற்பவர் பெரும்பாலும் நகரத்துக்குப் புதிதாக வேலை தேடி வந்தவர், அங்கே அவருக்கு வாக்கும் இருக்காது.

அந்த 37.5 லாபம் உறுதியானதா?

இல்லை. மேலே போட்ட கணக்கில் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது: இருக்கும் 30 ஆயிரம் வீடுகளும் அதிக மதிப்பு வைக்கும் 30 ஆயிரம் பேருக்கே போய்ச் சேருகின்றன என்பது. விலை ஏறினால், குறைந்த மதிப்பு வைப்பவர் தானாக விலகிக்கொள்வார். வரம்பு வந்தபின் அந்தச் சல்லடை இல்லை. 10,000 ரூபாய்க்கு வீடு வேண்டும் என்று 80 ஆயிரம் பேர் நிற்கிறார்கள். யாருக்குக் கிடைக்கும் என்பதை அதிர்ஷ்டமும் அறிமுகமும் முடிவு செய்கின்றன.

குலுக்கல் முறையில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 80 ஆயிரம் பேரின் மதிப்பு 30-இலிருந்து 10 வரை சீராக இறங்குகிறது, சராசரி 20. வீடு பெற்றவரின் சராசரி உபரி 20 − 10 = 10. மொத்தம் 10 × 30 = 300. கட்டுப்பாட்டுக்கு முன் நுகர்வோர் உபரி ½ × 15 × 60 = 450. ஆக, வாடகைதாரர்களுக்கு 37.5 லாபம் என்று நினைத்த இடத்தில் 150 நஷ்டம். உண்மையான இழப்பு 187.5 அன்று, 375. முக்கோணத்தைப் போல இரு மடங்கு. பாடநூல் முக்கோணம் இழப்பின் கீழ் எல்லையை மட்டுமே காட்டுகிறது.

இது வெறும் கரும்பலகைக் கணக்கும் அன்று. எட்வர்ட் கிளேசரும் எர்ஸோ லுட்மரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க்கில் அடுக்குமாடி வாடகைதாரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் கட்டுப்பாடற்ற சந்தையில் எடுத்திருக்கக்கூடிய எண்ணிக்கையைவிட அதிகமான அல்லது குறைவான அறைகள் உள்ள வீட்டில் இருப்பதாகக் கணக்கிட்டது. பிள்ளைகள் வெளியூர் போனபின்னும் பெரிய வீட்டை விடாத முதியவர், ஒற்றை அறையில் மூன்று குழந்தைகளோடு இருக்கும் குடும்பம்: இருவருமே சட்ட வாடகையை இழக்க மனமில்லாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

சட்டம் வந்த முதல் ஆண்டில் எங்கள் ஊரில் எந்த வீடும் மறைந்துவிடவில்லை. அப்படியானால் படம் தவறா?

முதல் ஆண்டுக்கு வேறு அளிப்புக் கோடு வரைய வேண்டும். கட்டிய வீடு கட்டிய வீடுதான். வாடகை குறைந்தது என்று மறுநாள் காணாமல் போகாது. ஆகவே குறுகிய காலத்தில் அளிப்புக் கோடு கிட்டத்தட்ட செங்குத்து, Q = 60-இல் நிற்கும். அப்போது 10 என்ற கோட்டில் அளிப்பு 60, தேவை 80, பற்றாக்குறை 20. முக்கோணம் பூஜ்யம். 5 × 60 = 300 முழுவதும் உரிமையாளரிடமிருந்து வாடகைதாரருக்கு மாறுகிறது; மொத்தத்தில் எதுவும் அழியவில்லை. ஏற்கெனவே குடியிருப்பவர்களே தொடர்வதால், தவறான ஆளுக்கு வீடு போகும் சிக்கலும் தொடக்கத்தில் சிறியது.

அரசியலில் இந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கவர்ச்சியானது என்பதற்கு இதுவே விடை. நன்மை முதல் மாதத்திலேயே தெரிகிறது. கோடு மெல்லச் சாய்ந்து நம் 6P − 30 வடிவத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் சட்டம் போட்டவர் பதவியில் இருக்க மாட்டார்.

சான் பிரான்சிஸ்கோ இதற்கு நன்கு அளக்கப்பட்ட சான்று. 1994-இல் நடந்த வாக்கெடுப்பு, 1980-க்கு முன் கட்டப்பட்ட, நான்கு வீடுகள் வரை கொண்ட சிறு கட்டடங்களுக்கும் கட்டுப்பாட்டை விரித்தது. அதே வகைக் கட்டடங்கள் 1980-க்குப் பின் கட்டப்பட்டிருந்தால் விலக்கு. இரண்டையும் ஒப்பிட்டு ரெபெக்கா டயமண்ட், டிம் மக்வேட், ஃப்ராங்க்ளின் சியான் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, கட்டுப்பாட்டுக்குள் வந்த உரிமையாளர்கள் வாடகை வீடுகளின் அளிப்பை 15% குறைத்ததாகக் கண்டது. சொந்தமாகக் குடியிருக்க வாங்குவோருக்கு விற்றார்கள், இடித்துக் கட்டினார்கள். அதனால் நகரம் முழுதும் வாடகை சுமார் 5% ஏறியது. அதே ஆய்வு, கட்டுப்பாட்டின் கீழ் இருந்த குடும்பங்கள் இடம்பெயராமல் நிலைத்திருந்ததையும் அதன் பயன் பெரிது என்பதையும் காட்டியது. இரண்டில் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுபவரை நம்பாதீர்கள்.

மும்பையில் என்ன நடந்தது?

1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் "நிலையான வாடகை" என்று ஒன்றை வைத்தது. பழைய கட்டடங்களுக்கு அது 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி இருந்த வாடகை. போர்க்கால நெருக்கடிக்கு வந்த ஏற்பாடு, பல பத்தாண்டுகள் நீடித்தது. விலைவாசி ஏறியது, மக்கள்தொகை பெருகியது, தேவைக் கோடு வலப்புறம் ஓடியது. கிடைக்கோடு மட்டும் 1940-இல் நின்றது. ஒவ்வோர் ஆண்டும் சட்டத்தைத் திருத்தாமலே சட்டம் இறுகிக்கொண்டே போனது.

படத்தின் அச்சில் இல்லாத ஒன்று அங்கே கண்ணுக்குத் தெரிந்தது: கட்டடத்தின் நிலை. கிடைக்கும் வாடகை கூரைக்குத் தார் பூசவும் போதவில்லை என்றால் உரிமையாளர் பழுதுபார்ப்பதை நிறுத்திவிடுவார். வீடு எண்ணிக்கையில் குறையவில்லை, தரத்தில் குறைகிறது. கடைசியில் பழுதுபார்க்கும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டியதாயிற்று. 1969-இல் இயற்றிய சட்டத்தின்படி அதற்கென ஒரு வாரியம் அமைத்துப் பழைய கட்டடங்களுக்கு வரி விதித்தார்கள். இன்றும் ஒவ்வொரு பருவமழையிலும் தென்மும்பையில் இடியும் நிலையிலுள்ள கட்டடங்களைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.

வாடகையை உறைய வைத்த விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2000-இல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 4% உயர்வை அனுமதித்தது, பக்டியையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மும்பையின் வீட்டுப் பஞ்சத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். நிலம் குறுகிய தீவு நகரம், கட்டடப் பரப்புக்குக் கடும் வரம்புகள், 1976-இன் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் எல்லாம் சேர்ந்தவை.

தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறதா?

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் "நியாய வாடகை" கட்டடத்தின் மொத்த மதிப்பில், குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9%, மற்றவற்றுக்கு 12% என்று கணக்கிடப்பட்டது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், 2017-இல் இயற்றப்பட்டது, வாடகையை இருதரப்பும் எழுத்து ஒப்பந்தத்தில் முடிவு செய்ய விடுகிறது. ஆகவே இந்தப் படம் இன்று சென்னை வாடகைக்கு நேரடியாகப் பொருந்தாது.

உச்சவரம்பு நன்மை செய்யும் நிலை ஒன்றுகூட இல்லையா?

உண்டு. ஓர் ஊரில் வாடகை வீடுகள் எல்லாம் ஒருவர் கையில் இருந்தால், அவர் வேண்டுமென்றே குறைவாக விட்டு வாடகையை ஏற்றி வைப்பார். அங்கே அளவான வரம்பு வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டவும் செய்யும், ஏனெனில் எண்ணிக்கையைக் குறைத்து அவர் பெற ஏதுமில்லை. நம் படம் பல உரிமையாளர்கள் போட்டியிடும் சந்தைக்கு உரியது. அதோடு, திடீரென வாடகை இரட்டிப்பாகிப் பிள்ளையின் பள்ளியை மாற்றவேண்டிய நிலை வராமல் காக்கும் உறுதியின் மதிப்பு இந்தப் படத்தில் எந்தப் பரப்பாகவும் தெரியாது. அது உண்மையான மதிப்பு. அதைக் கொடுக்க வரம்பைவிடச் செலவு குறைந்த வழிகள், வாடகை மானியம் போன்றவை, இருக்கின்றன என்பதே என் கருத்து.

வரம்பை இன்னும் கீழே இறக்கினால் வாடகைதாரருக்கு இன்னும் நல்லதுதானே? பயிற்சிக்கு ஒரு கணக்கும் கொடுங்கள்.

அதையே பயிற்சியாக்கிக்கொள்ளுங்கள். வரம்பு 12 என்றால் அளிப்பு 42, தேவை 72, பற்றாக்குறை 30. Q = 42-இல் தேவைக் கோட்டின் உயரம் 19.5. முக்கோணம் ½ × 7.5 × 18 = 67.5. வாடகைதாரருக்கு மாறும் செவ்வகம் 3 × 42 = 126; அவர்கள் பக்க முக்கோணம் ½ × 4.5 × 18 = 40.5, நிகர லாபம் 85.5. வரம்பு 10-இல் இது 37.5 என்று பார்த்தோம். அதாவது வரம்பு இறங்க, லாபம் குறைந்தது.

இப்போது 8 என்று வையுங்கள். அளிப்பு 18, தேவைக் கோட்டின் உயரம் 25.5. செவ்வகம் 7 × 18 = 126, வாடகைதாரர் பக்க முக்கோணம் ½ × 10.5 × 42 = 220.5. வீடுகள் சரியான ஆட்களுக்கே போனாலும் வாடகைதாரர்களுக்கு மொத்தத்தில் 94.5 நஷ்டம். இழந்த உபரி 12-இல் 67.5, 10-இல் 187.5, 8-இல் 367.5. சமநிலையிலிருந்து உள்ள தூரம் 3, 5, 7. இழப்பு 9, 25, 49 என்ற விகிதத்தில், தூரத்தின் வர்க்கமாக ஏறுகிறது. உங்கள் விடையைச் சரிபார்க்க, வாடகைதாரர் பக்க முக்கோணத்தையும் உரிமையாளர் பக்க முக்கோணத்தையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிப் பாருங்கள், 8-இல் 220.5 + 147 = 367.5 வர வேண்டும். வராவிட்டால், பெரும்பாலும் செங்குத்துக் கோட்டை அளிப்பில் வரையாமல் தேவையில் வரைந்திருப்பீர்கள்.